மாஸ்க் பலன் தராதபோது: அண்ண அறுவை, தாடை அறுவை, நரம்புத் தூண்டி ஆகியவற்றில் எது யாருக்கு?

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடைக்கு 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் காற்றழுத்தச் சிகிச்சையை அறிமுகப்படுத்தினார். சிபாப் என்று நாம் அழைக்கும் அந்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: தொண்டையின் எந்த இடம் அடைத்தாலும் அதற்குக் கவலையில்லை. முகத்தில் அணியும் மாஸ்க்கிலிருந்து மூக்கு வழியாகச் செல்லும் அழுத்தக் காற்று மென் அண்ணம், டான்சில் பக்கச் சுவர், நாக்கின் அடிப்பகுதி என முழுப் பாதையையும் ஒரே நேரத்தில் விரித்து வைக்கிறது. அறுவை சிகிச்சைகளுக்கு அந்த வசதி இல்லை. அவை ஒவ்வொன்றும் தொண்டையின் ஒரு பகுதியை, ஒரு திசையில் மட்டுமே திருத்துகின்றன. அதனால் மாஸ்க் கைவிட்ட நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அறுவை சிறந்தது என்பதல்ல. தூங்கும்போது என் தொண்டை எந்த இடத்தில், எப்படி மூடிக்கொள்கிறது என்பதே. அந்த விடை கிடைத்துவிட்டால் மூன்று வழிகளில் ஒன்றோ இரண்டோ பெரும்பாலும் தாமாகவே விலகிவிடும்.

இக்கட்டுரை அமெரிக்க நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியான நரம்புத் தூண்டிக்குத் தகுதி விதிகள் மிக விரிவாக வகுக்கப்பட்டிருப்பதும், அதிகம் விவாதிக்கப்படுவதும் அங்கேதான்.

மாஸ்க் உண்மையிலேயே தோற்றுவிட்டதா?

அறுவை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இயந்திரத்தில் பதிவாகியிருக்கும் தரவுகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, தொடர்ச்சியான 30 நாட்களில் 70 விழுக்காடு இரவுகளிலாவது 4 மணி நேரம் அணிந்திருந்தால்தான் முறையான பயன்பாடு என்று கொள்கிறது. நரம்புத் தூண்டி பொருத்துவதற்கு முன்பும் இதையொத்த அளவுகோல்தான் கேட்கப்படுகிறது: வாரத்தில் 5 இரவு, இரவுக்கு 4 மணி நேரம் என்ற அளவை எட்ட முடியவில்லை, அல்லது எட்டியும் மூச்சுத்தடை கட்டுக்குள் வரவில்லை என்பதற்குச் சான்று வேண்டும்.

தரவுகள் இன்னொன்றையும் காட்டும். காற்றுக் கசிவு அதிகமாக இருந்தால் சிக்கல் மாஸ்க்கின் வடிவத்தில் இருக்கலாம். அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்பட்டால் மூக்கடைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தால் அதை நேராக்கும் அறுவை, மூச்சுத்தடையை அதுவாகவே குணப்படுத்துவது அரிது. ஆனால் தேவையான அழுத்தத்தைக் குறைத்து, சகிக்க முடியாதிருந்த மாஸ்க்கைச் சகிக்கத்தக்கதாக்கும். கீழ்த்தாடையை முன்னோக்கிப் பிடித்துவைக்கும் பல் கருவியும், குறிப்பாக மிதமான நிலையில் இருப்போருக்கு, கத்தி தொடாத ஒரு வழி. இவற்றை முயலாமல் அறுவைக்குப் போவது, திரும்பப் பெற முடியாத ஒரு செயலை அவசரப்பட்டுச் செய்வதாகும் என்பது என் உறுதியான கருத்து.

உடல் எடையையும் இந்த இடத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், உடற்பருமனுடன் மிதமான அல்லது கடுமையான தூக்க மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு டிர்செப்படைட் என்ற ஊசி மருந்தை அனுமதித்தது. எடை குறைவது மூச்சுத்தடையைத் தணிப்பதோடு நிற்பதில்லை. தொண்டை மூடும் விதத்தையே மாற்றி, முன்பு தகுதி பெறாத ஒருவரைத் தகுதி பெறச் செய்யவும் கூடும்.

தொண்டை மூடும் விதத்தை நேரில் பார்ப்பது

விழித்திருக்கும்போது வாயைத் திறந்து பார்த்தால் டான்சிலின் பருமன் தெரியும். தூக்கத்தில் நடப்பது தெரியாது. அதற்காகவே மயக்க நிலை எண்டோஸ்கோபி செய்கிறார்கள். அறுவை அரங்கில் ப்ரொப்போஃபால் போன்ற மருந்தை மெல்லச் செலுத்தி, நோயாளி குறட்டை விட்டு மூச்சு அடைக்கும் நிலை வரும்வரை உறங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கிப் பார்க்கிறார்கள். தொண்டையில் வெட்டோ தையலோ இல்லை. அன்றே வீடு திரும்பலாம், ஆனால் அன்று வாகனம் ஓட்டக் கூடாது.

மருத்துவர் நான்கு இடங்களைப் பார்க்கிறார்: மென் அண்ணம், டான்சில் இருக்கும் பக்கச் சுவர், நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை மூடி. ஒவ்வோர் இடமும் எவ்வளவு மூடுகிறது என்பதோடு எத்திசையில் மூடுகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறார். அண்ணம் கதவு சாத்துவதுபோல் முன்னிருந்து பின்னாகச் சரியலாம். பக்கச் சுவர்கள் இரண்டும் நடுவில் வந்து முட்டலாம். அல்லது எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் சுருங்கி முழுவதும் அடைபடலாம். கடைசியாகச் சொன்ன முழு வட்டச் சுருக்கம்தான் இந்த முடிவின் திருப்புமுனை. அது அண்ணத்தில் இருந்தால் வழக்கமான நரம்புத் தூண்டி அமெரிக்க விதிப்படி பரிந்துரைக்கப்படுவதில்லை.

இந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. மருந்தால் வரும் உறக்கம் இயல்பான தூக்கம் அன்று. மயக்கம் அளவுக்கு மீறினால் எல்லாருடைய தொண்டையும் தளர்ந்து, உண்மையில் இல்லாத அடைப்பும் தெரியும். ஒரே ஒளிப்பதிவைப் பார்த்து இரு மருத்துவர்கள் வேறுபட்டுச் சொல்வதும் உண்டு. அதனால் பதிவை வாங்கிவைத்துக்கொள்வதும், பெரிய முடிவு என்றால் இரண்டாவது மருத்துவரிடம் அதையே காட்டுவதும் பயனுள்ளவை.

அண்ணத்தையும் டான்சிலையும் திருத்தும் அறுவை

இது மூன்றில் பழையது. 1981-இல் ஃபுஜிட்டா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் விவரித்த முறையில் டான்சிலையும் உள்நாக்கையும் மென் அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டி நீக்கினார்கள். யார், எவர் என்று பாராமல் எல்லாருக்கும் செய்தபோது கிடைத்த பலன் ஏமாற்றம் தந்தது. 1996-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் வெற்றி ஏறக்குறைய 41 விழுக்காடுதான். பின்னர் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர், டான்சில் பெரிதாகவும் நாக்கு தாழ்வாகவும் அமைந்தவர்களில் ஐந்தில் நால்வர் பலன் பெறுகிறார்கள் என்றும், டான்சில் சிறிதாகவும் நாக்கு உயர்ந்து பருத்தும் இருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெறுவதில்லை என்றும் காட்டினார். அறுவை ஒன்றேதான், மாறியது தொண்டையின் அமைப்பு.

இங்கே ‘வெற்றி’ என்ற சொல்லின் அளவுகோலைத் தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதே மூச்சுத்தடை எண். 5-க்குக் கீழ் இயல்பு, 15 முதல் 30 வரை மிதம், அதற்கு மேல் கடுமை. அறுவை ஆய்வுகளில் இந்த எண் பாதியாகக் குறைந்து 20-க்குக் கீழ் வந்தாலே வெற்றி என்று எழுதுவது வழக்கம். 60-இலிருந்து 19-க்கு வந்தவர் அறிக்கையில் வெற்றி பெற்றவர். உடலளவில் இன்னும் மிதமான நோயாளி. ஆகவே மருத்துவர் சொல்லும் விழுக்காட்டைக் கேட்டவுடன், எந்த எண்ணுக்குக் கீழ் வருவதை வெற்றி என்கிறீர்கள் என்று கேட்பது நல்லது.

இன்றைய முறைகள் வெட்டி நீக்குவதைக் குறைத்து, தசைகளை இடம் மாற்றித் தைத்துத் தொண்டையை அகலப்படுத்துகின்றன. 2020-இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் 102 பேர் பங்கேற்றார்கள். திருத்திய அண்ண அறுவையோடு நாக்கின் அடிப்பகுதியைக் கதிரலை வெப்பத்தால் சற்றுச் சுருக்கியபோது, ஆறு மாதத்தில் சராசரி எண் 47.9-இலிருந்து 20.8-க்கு இறங்கியது; அறுவை செய்யாதவர்களிடம் 45.3-இலிருந்து 34.5-க்குத்தான் இறங்கியது. பலன் உண்மையானது, ஆனால் நோய் முற்றிலும் அகன்றுவிடவில்லை.

குணமடையும் காலத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு இந்த வலி கடுமையானது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இரண்டு வாரம் விழுங்கும்போதெல்லாம் வலிக்கும், காதிலும் எதிரொலிக்கும். குளிர்ந்த நீராகாரம், கஞ்சி, பின்னர் மென்மையான உணவு என்று படிப்படியாகப் போக வேண்டும். வலிக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொண்டை உலர்ந்து வலி கூடும். ஓபியாய்டு வகை வலி மருந்துகள் மூச்சை மந்தப்படுத்துபவை. ஏற்கெனவே மூச்சு அடைபடும் ஒருவருக்கு, தொண்டையும் வீங்கியிருக்கும் முதல் இரவுகளில், அவற்றை மிகக் குறைவாகவே கொடுக்க வேண்டும். தலைப் பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் புண்ணின் மேல்படலம் உதிரும்போது இரத்தக் கசிவு வரக்கூடும். எச்சிலில் தெரியும் கோடு வேறு, வாய் நிறைய வரும் சிவந்த இரத்தம் வேறு. இரண்டாவது நேர்ந்தால் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். நீண்ட காலத்துக்குத் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வும் வறட்சியும் சிலருக்கு நீடிக்கின்றன. குடிக்கும் நீர் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி

தூக்கத்தில் நாக்கின் தசைகள் தளர்ந்து பின்னால் சரிவது பலருக்கு அடைப்பின் முதன்மைக் காரணம். நாக்கை இயக்குவது பன்னிரண்டாம் மண்டை நரம்பு. அதன் கிளைகளில் சில நாக்கை முன்னே தள்ளுகின்றன, சில பின்னே இழுக்கின்றன. அறுவை மருத்துவர் தாடைக்குக் கீழே நரம்பைத் திறந்து, முன்னே தள்ளும் கிளைகளைப் பிரித்தறிந்து, அவற்றைச் சுற்றி மட்டும் ஒரு சிறு மின்பட்டையைப் பொருத்துகிறார். பின்னே இழுக்கும் கிளை ஒன்று தவறி உள்ளே அகப்பட்டுவிட்டால் கருவி தனக்கெதிராகவே வேலை செய்யும். அதனால் அறுவையின்போதே ஒவ்வொரு கிளையையும் மின்சாரத்தால் தொட்டுச் சோதிக்கிறார்கள். பட்டையிலிருந்து கம்பி தோலுக்கடியில் கழுத்து வழியாக வலது மார்புக்கு இறங்கி, காறையெலும்புக்குக் கீழே வைக்கப்பட்ட மின்கலப் பெட்டியில் சேர்கிறது. மூச்சின் தாளத்தை உணர்ந்து, அதற்கேற்ப நாக்கை மெல்ல முன்னே தள்ளுவதுதான் கருவியின் வேலை. நாக்கின் அசைவு அண்ணத்தையும் ஓரளவு முன்னே இழுக்கிறது. அண்ணம் முன்பின்னாகச் சரிபவர்களுக்கு இது உதவுவதும், வட்டமாகச் சுருங்குபவர்களுக்கு உதவாததும் இதனால்தான்.

இன்ஸ்பயர் என்ற நிறுவனத்தின் கருவியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான சோதனையில் 126 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஓராண்டில் மூச்சுத்தடை எண்ணின் நடுமதிப்பு 29.3-இலிருந்து 9.0-க்கு வந்தது. பலன் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு வாரம் கருவியை அணைத்துவைத்தபோது எண் மீண்டும் ஏறியது. குறைந்தது கருவியால்தான், தற்செயலால் அன்று என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆனால் அதே சோதனையில் மூன்றில் ஒருவர் வெற்றி அளவுகோலை எட்டவில்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. அளவு பங்கேற்றவர்களுக்குச் சராசரியாக 28.4 என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தகுதி விதிகள் காலப்போக்கில் தளர்ந்துவந்திருக்கின்றன. 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மூச்சுத்தடை எண் 15 முதல் 100 வரை உள்ளவர்களுக்கும், பி.எம்.ஐ. 40 வரை உள்ளவர்களுக்கும் இடம் கொடுத்தது. மெடிகேர் காப்பீட்டின் விதிகளோ இதைவிடக் குறுகலாக, எண் 15 முதல் 65 வரை, பி.எம்.ஐ. 35-க்குக் கீழ் என்று வகுக்கப்பட்டவை. அனுமதி இருக்கிறது, காப்பீடு தரவில்லை என்ற குழப்பத்துக்கு இந்த இடைவெளியே காரணம். இதற்கு மேல் இரு நிபந்தனைகள் பொதுவானவை: மூளை மூச்சுக் கட்டளையை அனுப்ப மறந்துவிடும் மையவகைத் தடைகள் மொத்தத்தில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும், அண்ணத்தில் முழு வட்டச் சுருக்கம் இருக்கக் கூடாது. முந்தைய ஆய்வுகளிலிருந்து இன்னொரு குறிப்பும் கிடைக்கிறது: சிபாப்பில் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருந்தவர்கள் கருவிக்கும் நன்றாக ஒத்துழைக்கிறார்கள். உயர் அழுத்தம் தேவைப்பட்டவர் அதைத் தடையாக அல்ல, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கமின்மையும் சேர்ந்திருப்பவர்கள் தனியாக யோசிக்க வேண்டும். இரவில் பலமுறை விழிப்பவருக்கு நாக்கு தானாக அசைவது தெரியும். அது மீண்டும் தூங்கவிடாது. கருவியை ‘பிடிக்கவில்லை’ என்று ஒதுக்குபவர்களில் இத்தகையவர்கள் இருக்கிறார்கள். தூக்கமின்மைக்கு முதலில் சிகிச்சை பெற்றுவிட்டு வருவது நல்லது.

அறுவையிலிருந்து தேறுவது மூன்று வழிகளிலும் இதில்தான் எளிது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். தாடைக்கடியில் ஒரு தழும்பு, மார்பில் ஒரு தழும்பு; பழைய மாதிரிக் கருவிகளில் மூச்சை உணரும் கம்பி விலாவிடையில் தனியாக வைக்கப்பட்டது, 2024-இல் அனுமதி பெற்ற புதிய மாதிரியில் அந்த உணர்வி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சில வாரங்கள் வலக்கையால் கனமானதைத் தூக்கவோ தோளுக்கு மேல் உயர்த்தவோ கூடாது. தொண்டைக்குள் காயம் இல்லாததால் உணவுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. நாக்கு சில நாட்கள் ஒருபுறம் பலவீனமாக இருக்கலாம். வீக்கம் வேகமாகப் பெருகினாலும், தழும்பு சிவந்து சீழ் கட்டினாலும் தாமதிக்கக் கூடாது. பெட்டியில் தொற்று ஏற்பட்டால் பெரும்பாலும் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அறுவை முடிந்த நாளில் சிகிச்சை தொடங்குவதில்லை. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. புண் ஆறி மின்பட்டை உறுதிப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதன் பிறகே கருவியை இயக்குவார்கள். முதலில் நோயாளி மின்துடிப்பை உணரத் தொடங்கும் அளவையும், நாக்கு கீழ்ப்பற்களைத் தாண்டி முன்வரும் அளவையும் கண்டறிந்து, அவற்றின் அடிப்படையில் ஓர் எல்லையை வகுத்துக் கொடுக்கிறார்கள். நோயாளி படுக்கப்போகும்போது ரிமோட்டை அழுத்துகிறார். தூக்கம் வர அவகாசம் தந்து, ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துக் கருவி வேலையைத் தொடங்குகிறது. சில இரவுகளுக்கு ஒருமுறை ஒரு படி கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கவைத்து அளவைச் சரிசெய்கிறார்கள். ஆக, முடிவெடுத்த நாளிலிருந்து முழுப் பலன் வரை பல மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் மூச்சுத்தடை பழையபடியே இருக்கும். பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணயர்பவர் இந்த இடைவெளிக்கு ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும்: பாதி இரவாவது மாஸ்க், பல் கருவி, ஒருக்களித்துப் படுத்தல், வாகனம் ஓட்டாதிருத்தல் ஆகியவற்றில் முடிந்ததையெல்லாம்.

நாக்கு கூர்மையான கீழ்ப்பல்லில் உரசிப் புண்ணாவது அடிக்கடி வரும் குறை. பல்லுக்கு உறை போட்டோ மின்முனைகளின் அமைப்பை மாற்றியோ சரிசெய்யலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமானால் கருவியின் மாதிரியைப் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. மின்கலம் ஏறக்குறைய 11 ஆண்டுகள் உழைக்கும்; பிறகு பெட்டியை மட்டும் மாற்றும் சிறு அறுவை. 45 வயதில் பொருத்துபவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறையாவது இதை எதிர்பார்க்க வேண்டும். மின்கலமே இல்லாமல் தாடைக்கடியில் இருபுற நரம்பையும் தூண்டும் ஜெனியோ என்ற கருவி 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரவுதோறும் தாடைக்கடியில் ஓர் ஒட்டுப் பட்டையை வைத்து அதை இயக்க வேண்டும். ஐரோப்பாவில் வட்டச் சுருக்கம் உள்ளவர்களுக்கும் அதற்கு அனுமதி உண்டு.

தாடைகளை முன்னே நகர்த்தும் அறுவை

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அறுத்து, ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்து, டைட்டேனியத் தகடுகளால் பிணைக்கிறார்கள். தாடையோடு ஒட்டிய அண்ணமும் நாக்கும் தொண்டைத் தசைகளும் இழுபட்டு, முழுப் பாதையும் எல்லாப் பக்கமும் இறுக்கம் பெற்று அகலுகிறது. வட்டச் சுருக்கத்துக்கும் பக்கச் சுவர் சரிவுக்கும் நேரடியாக விடை தரும் அறுவை இதுவே. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் சராசரி எண் 57.2-இலிருந்து 9.5-க்குக் குறைந்தது, வெற்றி 85 விழுக்காட்டுக்கு மேல், 5-க்குக் கீழ் வந்து முழுமையாகக் குணமானோர் 38.5 விழுக்காடு. மூச்சுக்குழாயில் துளையிடும் அறுவையைத் தவிர, இவ்வளவு கடுமையான நோயாளிகளிடம் இத்தகைய குறைவைக் காட்டிய அறுவை வேறில்லை.

பொருத்தமானவர் யார் என்றால், நோய் கடுமையாக இருப்பவர், கீழ்த்தாடை பின்தங்கியிருப்பவர், பல மணி நேர மயக்கத்தைத் தாங்கும் உடல்நிலை உள்ளவர். பல்வரிசை பொருந்துவதற்காக முன்னதாகவோ பின்னதாகவோ பல மாதம் கிளிப் போட வேண்டியிருக்கலாம்.

விலையும் அதற்கேற்ப. மருத்துவமனையில் சில நாட்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கும். தாடைகளை ரப்பர் வளையங்களால் பிடித்துவைப்பார்கள். முதலில் நீராகாரம், பிறகு மெல்லத் தேவையில்லாத உணவு என ஏறக்குறைய 6 வாரம். வேலைக்குத் திரும்ப ஒரு மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகும். கீழ்த்தாடைக்குள் ஓடும் உணர்வு நரம்பு அறுவையின் பாதையிலேயே இருப்பதால், கீழுதடும் முகவாயும் மரத்துப்போவது ஏறக்குறைய எல்லாருக்கும் நேர்கிறது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் தெளிகிறது, சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகிறது. முக அமைப்பும் மாறும். பலருக்கு அது நல்ல மாற்றமாக இருந்தாலும், மாறும் என்பதை முன்கூட்டியே படத்தோடு பேசிவிட வேண்டும்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தால்

விளக்கத்துக்காக 52 வயதுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூச்சுத்தடை எண் 42, மையவகைத் தடைகள் மிகச் சிலவே. பி.எம்.ஐ. 33. சிறுவயதிலேயே டான்சில் எடுத்தாயிற்று. மூக்கின் வளைவைச் சரிசெய்து, மூன்று வகை மாஸ்க் மாற்றியும் இரவுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவரால் அணிய முடியவில்லை. காகிதத்தில் பார்த்தால் நரம்புத் தூண்டிக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது.

மயக்க நிலை எண்டோஸ்கோபியில் அண்ணம் முன்பின்னாகச் சரிந்து, நாக்கின் அடிப்பகுதியும் பின்னே விழுவது தெரிந்தால், தூண்டியே அவருக்கு முதல் தேர்வு. சோதனையில் கண்ட விகிதத்தில் குறைந்தால் அவருடைய எண் 13-ஐ ஒட்டி வரும், பி.எம்.ஐ. சோதனைச் சராசரியைவிடக் கூடுதல் என்பதால் அதைவிடச் சற்று உயரவும் கூடும். டான்சில் இல்லாததால் அண்ண அறுவையில் அவருக்குக் கிடைப்பது குறைவு. தூண்டி பலன் தராவிட்டால் அதை அகற்றலாம்; எலும்போ அண்ணமோ மாறியிருக்காது.

அதே பரிசோதனையில் முழு வட்டச் சுருக்கம் தெரிந்தால் கணக்கு தலைகீழாகிறது. தூண்டி விலகிவிடுகிறது. எஞ்சுவன மூன்று. தாடை அறுவை செய்துகொண்டால் எண் 15-க்குக் கீழ் வர நல்ல வாய்ப்பு, ஒன்றரை மாதச் சிரமமும் உதட்டு மரப்பும் அதற்கு ஈடு. அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை எடையைக் குறைத்து, மீண்டும் எண்டோஸ்கோபி செய்து, சுருக்கத்தின் வடிவம் மாறியிருந்தால் தூண்டியை எண்ணிப் பார்க்கலாம். அல்லது பக்கச் சுவர்த் தசையை விரிக்கும் அண்ண அறுவையை முதற்படியாகச் செய்து, அதன் பின் தூண்டிக்குத் தகுதி வருகிறதா என்று பார்க்கலாம். சில மையங்கள் இவ்வாறு செய்கின்றன. தாடை பின்தங்கியிருந்தால் நான் முதலாவதை நோக்கிச் சாய்வேன். தாடை இயல்பாகவும் எடை கூடுதலாகவும் இருந்தால், பகல் தூக்கம் ஆபத்தான அளவில் இல்லாதவரை, இரண்டாவதே நியாயம்.

எந்த வழியானாலும் சில மாதங்களில் மீண்டும் தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். குறட்டை நின்றுவிட்டதே என்று வீட்டார் சொல்வது சான்றாகாது. அண்ண அறுவைக்குப் பின் சத்தம் அடங்கி அடைப்பு நீடிப்பது உண்டு. தூண்டி பொருத்தியவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெளிய வேண்டும். ஆய்வக இரவில் அளவைக் கூட்டிக் குறைத்து, மிகச் சிறந்த அளவில் கழிந்த ஒருசில மணி நேரத்தின் எண்ணையே அறிக்கை காட்டுவதுண்டு. வீட்டில் முழு இரவும் அதே அளவில் தூங்கி எடுத்த எண் அதைவிட உயர்வாக வருவதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். மல்லாந்து படுத்த நேரமும் கனவுத் தூக்க நேரமும் அடங்கிய முழு இரவு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு கருவியில் பதிவாகும் பயன்பாட்டு நேரத்தையும் பார்க்க வேண்டும்: எண் 10 என்றாலும் இரவில் நான்கு மணி நேரமே கருவி இயங்குகிறது என்றால், மீதி மூன்று மணி நேரம் அவர் சிகிச்சையின்றித் தூங்குகிறார். அந்த நேரத்தைக் கூட்ட மின்னளவைக் குறைப்பதா, தொடக்கத் தாமதத்தை நீட்டுவதா, இரவில் எழும்போது இடைநிறுத்தும் பொத்தானைப் பயன்படுத்துவதா என்பதை மருத்துவரோடு அமர்ந்து தீர்மானித்து, மாற்றிய பின் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும்.